ஆணி எத்தனை சாக்கு எடுப்பது? கடலோர ஹார்டுவேர் கடைக்குச் சிக்கனக் கொள்முதல் அளவு: முழுமையான வழிகாட்டி

மதுரையிலிருந்து சரக்கு இறக்கும் கடை ஒவ்வொன்றுக்கும் இரண்டு செலவு இருக்கிறது. அடிக்கடி கொஞ்சமாக வாங்கினால் லாரி, ஆட்டோ, ஆள் என்று வரவழைக்கும் செலவு ஏறும். ஒரேயடியாக வாங்கி அடுக்கினால் வட்டி, இடம், துரு என்று வைத்திருக்கும் செலவு ஏறும். இரண்டின் கூட்டுத்தொகை எந்த அளவில் மிகக் குறைவோ அதுதான் சிக்கனக் கொள்முதல் அளவு. பாடப் புத்தகத்தில் இது ஒற்றை வரிச் சூத்திரம். தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை உப்புக்காற்று படும் கடையில், சூத்திரத்துக்குள் போடும் எண்களில்தான் தவறு நடக்கிறது.

இங்கே 2 அங்குல ஆணியை எடுத்து முழுக் கணக்கும் போடுகிறோம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த 12 மாதக் கொள்முதல் பில்கள், லாரி ஆபீஸ் பில்டிகள், வருடத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த ஸ்டாக் கணக்கு, வங்கிக் கடன் வட்டி விகிதம், துருப்பிடித்துக் கழித்த சரக்கின் குறிப்பு. இவை போதும்.

கடைசியாகச் சொன்ன குறிப்பு பெரும்பாலான கடைகளில் இருக்காது. அப்படியானால் இன்றே ஒரு காலி வாளியைக் குடோன் மூலையில் வையுங்கள். விற்க முடியாத ஆணி, போல்ட், கம்பி எல்லாம் அதில் விழட்டும். மாதம் ஒருமுறை வகை பிரித்து எடை போட்டு எழுதுங்கள். மூன்று மாதக் குறிப்பு, அதில் ஒரு மழை மாதமும் இருந்தால், தொடங்கப் போதும்.

எல்லாப் பொருளுக்கும் கணக்குப் போட உட்காராதீர்கள். கடையின் கொள்முதல் பணத்தில் பெரும்பகுதியை விழுங்கும் இருபது முப்பது பொருளுக்குப் போட்டால் போதும். தாழ்ப்பாள் ஸ்க்ரூவுக்குச் சூத்திரம் தேவையில்லை.

## 2. வருட விற்பனையைக் கண்டுபிடித்தல்

சில்லறையில் நூறு கிராம், கால் கிலோ என்று போகும் ஆணி பில் புத்தகத்தில் முழுதாக ஏறாது. அதனால் விற்பனைப் பில்லைக் கூட்டினால் எண் குறைவாகத்தான் வரும். சரக்கு வழியாகவே போங்கள்: தொடக்க இருப்போடு வாங்கியதைக் கூட்டி, கடைசி இருப்பையும் கழித்த துருவையும் அதிலிருந்து கழியுங்கள்.

நம் கடையில் தொடக்க இருப்பு 150 கிலோ. வாங்கியது 47 சாக்கு, சாக்குக்கு 25 கிலோ, ஆக 1,175 கிலோ. கடைசி இருப்பு 116 கிலோ, துருவில் போனது 9 கிலோ. விற்றது 1,200 கிலோ.

‘ஆணி இல்லை’ என்று திருப்பி அனுப்பிய ஆட்கள் இந்த எண்ணில் வரமாட்டார்கள். வருடத்தில் பல நாள் அப்படி நடந்திருந்தால் அதையும் மதிப்பிட்டுச் சேருங்கள். இல்லையென்றால் போன வருடத் தட்டுப்பாடே இந்த வருடத்துக்கும் அளவுகோலாகிவிடும்.

## 3. ஒருமுறை வரவழைக்க ஆகும் செலவு

கேள்வி இதுதான்: 5 சாக்கு வந்தாலும் 15 சாக்கு வந்தாலும் மாறாமல் ஆகும் செலவு எவ்வளவு? அது மட்டும் இங்கே வரும்.

- லாரி ஆபீஸ் பில்டிக் கட்டணம்: 60 ரூபாய்
- லாரி ஷெட்டிலிருந்து கடைக்குக் குட்டியானை: 220 ரூபாய்
- கடைப் பையன் ஷெட்டுக்குப் போய் வந்து, எடை போட்டு, பில்லோடு சரிபார்க்கும் நேரம்: 140 ரூபாய்
- போன், வங்கிக் கட்டணம்: 30 ரூபாய்

மொத்தம் 450 ரூபாய்.

சாக்குக்கு இவ்வளவு என்று வாங்கும் லாரி வாடகையும் இறக்குக்கூலியும் இதில் சேராது. நாற்பத்தெட்டு சாக்கை ஒரே தடவையில் கொண்டுவந்தாலும் பன்னிரண்டு தடவையாகக் கொண்டுவந்தாலும் அந்தத் தொகை மாறப்போவதில்லை. அதைக் கிலோ விலையில் ஏற்றுங்கள். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் மொத்த லாரி வாடகையையும் இங்கே கொட்டிவிடுவார்கள். 450 என்பது 1,200 ஆகும், கொள்முதல் அளவு தேவையில்லாமல் பெருகும், குடோன் நிறையும்.

முதலாளியே பஸ் ஏறி மதுரை போய் வாங்குகிறார் என்றால் பஸ் கட்டணம் கட்டாயம் சேரும். அன்று கடை பூட்டியிருந்தால் அந்த நாள் லாபமும் சேரும். தம்பியோ மனைவியோ கடையைப் பார்த்துக்கொண்டால் சேராது.

## 4. ஒரு கிலோவை ஒரு வருடம் வைத்திருக்க ஆகும் செலவு

மூன்று துண்டாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

முதலாவது, முடங்கும் பணத்தின் வட்டி. கடை வந்து சேரும் விலை கிலோ 80 ரூபாய் என்று கொள்வோம். இதில் சாக்குக் கணக்கு வாடகையும் அடக்கம். ஜிஎஸ்டி உள்வரியைத் திரும்ப எடுப்பவர் வரி நீக்கிய விலையைப் போட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரி திரும்பாது, அதனால் வரியோடு சேர்ந்த விலையைப் போட வேண்டும். வட்டி 12 சதவீதம் என்றால் கிலோவுக்கு 9.60 ரூபாய்.

‘மொத்தக் கடையில் 30 நாள் கடன் கொடுக்கிறார்களே, அதைக் கழிக்க வேண்டாமா?’ என்று இங்கே கேட்பார்கள். அந்தச் சலுகை வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரே அளவில்தான் கிடைக்கிறது. ஒன்பது சாக்கானாலும் இருபது சாக்கானாலும் வருடக் கணக்கில் அதே தொகை. எடுக்கும் சரக்கு ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும்வரை அது கொள்முதல் அளவை மாற்றாது.

இரண்டாவது, இடம். வாடகைக் குடோன் வருடம் 24,000 ரூபாய், 6 டன் சரக்கு கொள்ளும் என்றால் கிலோவுக்கு 4 ரூபாய். சொந்த இடம், வேறு எதற்கும் பயன்படாது, வாடகைக்கும் போகாது என்றால் பூஜ்யம் போடுங்கள்.

மூன்றாவது, துரு. பாம்பன், மண்டபம் பக்கத்துக் கடைகளுக்கு மதுரைக் கடையின் கணக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான். காற்றில் வரும் உப்பு ஆணியின் மேல் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், காற்று உலர்ந்திருக்கும் நாளிலும் இரும்பின் மேல் ஈரப்படலம் முழுதாகப் போவதில்லை. சாக்கு சிமென்ட் தரையில் நேராக உட்கார்ந்திருந்தால் அடியிலிருந்தும் ஈரம் ஏறும். சாக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பளபளவென்று இருக்கும் ஆணி அடியில் நாலு விரல் உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

நம் கடையில் வருடத்தில் 9 கிலோ துருவில் போயிற்று. பாதி விலைக்குத் தள்ளியதை அரைக் கணக்காகச் சேர்த்தால் வரும் எண் இது. இதை எதனால் வகுப்பது? விற்ற 1,200 கிலோவால் வகுத்தால் முக்கால் சதவீதம் வரும், துரு ஒன்றுமேயில்லை என்று தோன்றும். அது தவறு. துருப்பிடிப்பது நிற்கும் சரக்கு, விற்றுப்போன சரக்கு அல்ல. மாதக் கடைசி இருப்புகளின் சராசரி ஏறத்தாழ 112 கிலோ. 9 ஐ 112 ஆல் வகுத்தால் 8 சதவீதம், அதாவது கிலோவுக்கு 6.40 ரூபாய்.

வட்டி 9.60, இடம் 4, துரு 6.40. மொத்தம் ஒரு கிலோவுக்கு ஒரு வருடத்துக்கு 20 ரூபாய்.

## 5. சூத்திரமும் சாக்குக் கணக்கும்

வருட விற்பனையையும் ஒருமுறை வரவழைக்கும் செலவையும் பெருக்கி, இரட்டிப்பாக்கி, வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எக்செல்லில் B2 இல் 1200, B3 இல் 450, B4 இல் 20 போட்டு:

```
=SQRT(2*B2*B3/B4)
```

விடை 232 கிலோ. மொத்தக் கடைக்காரர் 232 கிலோ தரமாட்டார், சாக்காகத்தான் தருவார். 9 சாக்கா 10 சாக்கா என்று மண்டையை உடைக்க வேண்டாம். இந்தப் பட்டியலைப் பாருங்கள், எல்லாம் வருடச் செலவு, ரூபாயில்:

| ஒருமுறைக்கு | வரவழைக்க | வைத்திருக்க | மொத்தம் |
|---|---|---|---|
| 4 சாக்கு | 5,400 | 1,000 | 6,400 |
| 6 சாக்கு | 3,600 | 1,500 | 5,100 |
| 9 சாக்கு | 2,400 | 2,250 | 4,650 |
| 14 சாக்கு | 1,543 | 3,500 | 5,043 |
| 20 சாக்கு | 1,080 | 5,000 | 6,080 |

வைத்திருக்கும் செலவைப் பாதி அளவுக்குத்தான் போட்டிருக்கிறது. 225 கிலோ வந்து இறங்கி, விற்று விற்றுப் பூஜ்யத்துக்கு வருவதால், சராசரியாகக் குடோனில் நிற்பது 112.5 கிலோ.

6 சாக்கிலிருந்து 14 சாக்கு வரை எங்கே நின்றாலும் மிகக் குறைந்த செலவைவிடப் பத்து சதவீதத்துக்குள்தான் கூடுகிறது. அதனால் 450 என்பது 430 ஆக இருந்திருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். மாதாமாதம் 4 சாக்கு எடுக்கும் பழக்கமும், ‘ஒரு லோடு அடித்துவிடுவோம்’ என்று 20 சாக்கு எடுக்கும் பழக்கமும்தான் காசைத் தின்கின்றன.

## 6. ‘20 சாக்கு எடுத்தால் கிலோவுக்கு 2 ரூபாய் குறைக்கிறேன்’

இந்தப் பேச்சு எப்போதும் வரும். சூத்திரம் தள்ளுபடியைப் பார்ப்பதில்லை, தனியாக ஒப்பிட வேண்டும்.

78 ரூபாய் விலையில் வருடத்துக்கு மிச்சம் 2,400 ரூபாய். விலை இறங்கியதால் வைத்திருக்கும் செலவு கிலோவுக்கு 19.60 ரூபாயாகிறது. சராசரி 250 கிலோவுக்கு 4,900, வரவழைக்க 1,080, ஆக 5,980. ஒன்பது சாக்குக் கணக்கைவிட 1,330 ரூபாய் கூடுதல். 2,400 மிச்சப்பட்டு 1,330 கூடினால் 1,070 ரூபாய் லாபம். எடுக்கலாம்.

ஆனால் 20 சாக்கு ஐந்து மாதம் நிற்கும். செப்டம்பர் கடைசியில் இறக்கினால் வடகிழக்குப் பருவமழை முழுவதையும் அந்த ஆணி குடோனில் பார்த்துவிடும். துரு 8 சதவீதத்தில் நிற்காது. 16 சதவீதம் என்று போட்டுப் பார்த்தால் கிலோவுக்கு 25.84 ரூபாய், மொத்தச் செலவு 7,540. கூடுதல் 2,890, மிச்சம் 2,400 மட்டுமே. தள்ளுபடி வாங்கி நஷ்டம்.

இந்த எண்களுக்கு எல்லைக்கோடு 13 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி வருகிறது. உங்கள் வாளிக் குறிப்பு மழை மாதங்களில் அதற்கு மேல் காட்டினால் பிப்ரவரியில் ஒத்துக்கொள்ளும் தள்ளுபடியை அக்டோபரில் மறுக்க வேண்டும். மறுப்பதற்கு முன் சாக்குக்குள் பாலித்தீன் உறை கேட்டுப் பாருங்கள். பலகை அடுக்கின் மேல், ஷட்டரையும் வெளிச்சுவரையும் விட்டுத் தள்ளி வைத்து, துரு இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால் கணக்கே மாறும்.

## 7. ஒரே லோடில் இருபது பொருள் வரும்போது

இதுவரை போட்ட கணக்கு ஆணி மட்டும் தனியே வருவதாக வைத்துப் போட்டது. நடப்பில் கட்டுக்கம்பி, கீல், போல்ட், சங்கிலி எல்லாம் ஒரே மொத்தக் கடையிலிருந்து ஒரே பில்டியில் வரும். இருபது பொருளுக்கும் தனித்தனியே 450 போட்டால் ஒரே குட்டியானைக்கு இருபது முறை வாடகை எழுதியதாகிவிடும். எல்லாப் பொருளும் அதிகமாக வந்து நிற்கும். கணக்குப் போடத் தொடங்கிய கடைகளில் முதல் வருடம் குடோன் பிதுங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இங்கே அளவைத் தேடாமல் இடைவெளியைத் தேடுங்கள். லோடுக்கு 450. கூடுதலாக வரும் 19 பொருளையும் எண்ணிச் சரிபார்க்கத் தலைக்கு 30 வீதம் 570. ஆக 1,020 ரூபாய். அந்தக் கடையிலிருந்து வருடக் கொள்முதல் 4,80,000 ரூபாய். நம் ஆணிக்கு 80 இல் 20, அதாவது 25 சதவீதம் வைத்திருக்கும் செலவு. மற்றப் பொருளுக்கும் சராசரி அதுவே என்றால் 1,20,000.

```
=SQRT(2*1020/120000)*365
```

விடை 48 நாள். ஏழு வாரத்துக்கு ஒரு லோடு, ஒவ்வொரு பொருளும் ஏழு வார விற்பனை அளவுக்கு. ஆணி 156 கிலோ, அதாவது 6 சாக்கு. தனியாக வந்தபோது 9, வண்டிச் செலவைப் பகிர்ந்துகொண்டதும் 6. மெதுவாகப் போகும் பொருளை ஒரு லோடு விட்டு ஒரு லோடு போடுங்கள். ஏழு வாரத்துக்கு அரைப் பெட்டி என்று எவரும் தரமாட்டார்கள்.

## 8. தடைக்காலத்தில் சூத்திரத்தை எப்படிப் போடுவது

சூத்திரம் வருடம் முழுக்க ஒரே சீராக விற்பதாக நினைத்துக்கொள்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகு கரையேறும், மராமத்தும் பெயின்ட் வேலையும் நடக்கும். அந்த 61 நாளும் எனாமல் பெயின்ட் போகும் வேகம் வேறு.

மற்ற மாதங்களில் 4 லிட்டர் டின் மாதம் 10, தடைக்காலத்தில் மாதம் 40 என்று வைப்போம். டின்னுக்கு வருட வைப்புச் செலவு 180 ரூபாய், வரவழைக்க அதே 450. சாதாரண மாதத்துக்கு வருடம் 120 டின் என்று போட்டால் 24 டின் வரும். தடைக்காலத்துக்கு மாதம் 40 ஐ 12 ஆல் பெருக்கி 480 போட்டால் 49 டின். விற்பனை நான்கு மடங்கு, கொள்முதல் இரண்டு மடங்குதான். வர்க்கமூலத்தின் வேலை அது. நான்கு மடங்கு விற்கிறதே என்று 100 டின் இறக்கினால், ஜூன் பாதியில் படகுகள் போன பிறகு மீந்த நிறங்கள் தட்டில் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு மாதத்தில் விற்பது 80 டின்தானே என்று 80 ஐ நேராகப் போடுகிறவர்கள் உண்டு. 20 டின் என்று விடை வரும், பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு லோடு தேவைப்படும். விற்பனை இரண்டு மாதத்துக்கும் வைப்புச் செலவு ஒரு வருடத்துக்கும் இருப்பதால் வந்த கோளாறு. இரண்டும் ஒரே காலத்துக்கு இருக்க வேண்டும். 80 போட்டால் 180 ஐ ஆறால் வகுத்து 30 போடுங்கள், அதே 49 வரும்.

முதல் 49 டின் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் கடையில் இருக்கட்டும். இரண்டாவது முறை 49 எடுக்காதீர்கள். மீதி 31 மட்டும் போதும், ஏனென்றால் சீசன் முடியும் நாள் முன்பே தெரிந்தது.

சிமென்டை இந்தக் கணக்குக்குள் இழுக்க வேண்டாம். கடலோர ஈரத்தில் மூட்டை கட்டிபிடிக்கும் முன் விற்றுத் தீர்ப்பதுதான் அதற்கு அளவு.

## 9. எப்போது சொல்வது

கொள்முதல் அளவு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். எப்போது என்பது தனிக் கணக்கு. ஆணி நாளுக்கு 4 கிலோ போகிறது, போன் செய்தால் சரக்கு வர 5 நாள், அதற்கு 20 கிலோ. லாரி தாமதம், திடீரென்று ஒரு கொத்தனார் பத்து கிலோ அள்ளிக்கொண்டு போவது, இவற்றுக்கு 30 கிலோ. மொத்தம் 50 கிலோ, இரண்டு சாக்கு. மழை மாதங்களில் மூன்று சாக்காக வையுங்கள், பாம்பன் தாண்டிச் சரக்கு வர வேண்டிய கடைகளுக்கு இது இன்னும் அவசியம்.

நோட்டில் எழுதி வைத்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். கடைசி இரண்டு சாக்கின் வாயில் சிவப்புக் கயிறு கட்டுங்கள். கயிற்றை அவிழ்க்கிற பையன் கல்லாவில் வந்து சொல்ல வேண்டும். அன்றே போன் போகும், அந்த லோடிலேயே மற்றப் பொருள்களையும் ஏழு வார அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். புதுச் சரக்கு வந்ததும் கயிறு கட்டிய பழைய சாக்கை முன்னுக்கு இழுத்து, கயிற்றைப் புதுச் சாக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அதே இரண்டு சாக்கு வருடக்கணக்கில் பின்சுவரில் ஒட்டி நின்று முழுதும் துருவாகிவிடும்.

## 10. மறுபடி எப்போது கணக்குப் போடுவது

குட்டியானை வாடகை 220 இலிருந்து 250 ஆனால் ஒன்றும் செய்ய வேண்டாம். மொத்த வரவழைப்புச் செலவே 20 சதவீதம் ஏறினாலும் கொள்முதல் அளவு 10 சதவீதத்துக்குள்தான் மாறும், ஒரு சாக்குக்கூட வராது. விற்பனை, வரவழைப்பு, வைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாறினால் மட்டும் திரும்பப் போடுங்கள். பக்கத்தில் புதுக் கடை திறந்தது, குடோன் மாறியது, மொத்தக் கடைக்காரர் கடை வாசலிலேயே இறக்கித் தரத் தொடங்கினார் என்பவை அப்படிப்பட்டவை.

வாசலில் இறக்கித் தந்தால் பில்டியும் குட்டியானையும் போய் 450 என்பது 170 ஆகிவிடும். தனியாக வரும் ஆணிக்கு 143 கிலோ, 6 சாக்கு. அப்போதும் பழைய 9 சாக்கையே சொல்லிக்கொண்டிருந்தால், மூன்று சாக்கு ஒவ்வொரு தடவையும் சும்மா வந்து துருப்பிடிக்கக் காத்திருக்கும்.